20 யூரோ என்று எழுதியது நான்தான்

கரூரில் வீட்டு உபயோகத் துணி விற்கிறேன். ஜெர்மனியில் ஒரு பெண்மணி என்னிடம் இரண்டு பெட்ஷீட்டும் நான்கு குஷன் கவரும் வாங்கினார். பெட்ஷீட் 36 யூரோ, கவர் 12 யூரோ. மொத்தம் 120 யூரோ. பணம் முழுவதையும் முன்பே அனுப்பிவிட்டார்.

தபாலில் சுங்கப் படிவத்தை நிரப்பியது நான்தான். 'கிஃப்ட்' கட்டத்தில் டிக் போட்டேன். பொருள் விவரத்தில் 'ஹேண்டிகிராஃப்ட்' என்று எழுதினேன். மதிப்பு 20 யூரோ என்றேன். கமர்ஷியல் இன்வாய்ஸ் வைக்கவில்லை. மேலே சொன்ன விவரங்கள் சரியானவை என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன்.

காரணம் பயம். அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரை சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் 2021 ஜூலைக்குப் பிறகு சின்னப் பார்சலுக்கும் வாட் வரி உண்டு. ஜெர்மனியில் அது 19 சதவீதம். தபால் செலவைச் சேர்க்காமல் பார்த்தாலே 120 யூரோவுக்கு 22.80 யூரோ வரும். வரி கட்டச் சொன்னால் அவர் மறுபடி வாங்கமாட்டார் என்று நினைத்தேன். 45 யூரோவுக்குள் அன்பளிப்புக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தச் சலுகை, ஒரு தனி நபர் இன்னொருவருக்குக் காசு வாங்காமல் அனுப்புவதற்கு. விற்ற பொருளுக்குப் பொருந்தாது. அதுவும் எனக்குத் தெரியும்.

டாரிஃப் கோட் விஷயத்தில் அலட்சியம். முன்பு டர்க்கி டவல் அனுப்பியபோது போட்ட 6302.60 என்ற எண்ணையே இதற்கும் போட்டேன். அது பருத்தி டெர்ரி டவலுக்கான எண். என் பெட்ஷீட் சாயம் போட்ட நூலில் நெய்தது, பிரிண்ட் போட்டதல்ல. அதற்கு 6302.31. பிரிண்ட் போட்டிருந்தால் 6302.21. குஷன் கவர் படுக்கை விரிப்பு வகையிலேயே வராது. அது வீட்டு அலங்காரத் துணி, 6304.92. உள்ளே பஞ்சு அடைத்து அனுப்பினால் அத்தியாயமே மாறி 94-க்குப் போய்விடும். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் தெருமுனையில்தான் இருந்தார். இத்தனை வருடம் தொழில் செய்கிறவன் இதைப் போய்க் கேட்பதா என்ற கர்வம் என்னைத் தடுத்தது.

பார்சல் அங்கே நின்றுவிட்டது. பணம் கட்டிய ஆதாரத்துடன் சுங்க அலுவலகத்துக்கு வரும்படி அவருக்குக் கடிதம் போனது. அரை நாள் லீவு போட்டுப் போனார். அவர் எதிரிலேயே பெட்டியைத் திறந்தார்கள். படிவத்தில் அன்பளிப்பு, 20 யூரோ. அவர் கையிலிருந்த ரசீதில் 120 யூரோ. எழுதிய நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிட்டார். உண்மையைச் சொல்லி, 120 யூரோவுக்கும் வரி கட்டிவிட்டு வந்தார். பிறகு எனக்கு எழுதினார்: "வரி எவ்வளவு என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன். உங்கள் பொய்க்கு நான் ஏன் நிற்க வேண்டும்?"

அடுத்து எடுப்பதாகச் சொல்லியிருந்த குஷன் கவர்களை வேண்டாம் என்றுவிட்டார். அவற்றைத் தைக்கும் அக்கா அதற்குள் பாதியை முடித்திருந்தார். அவருக்குக் கூலியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். கேட்டபோது, "கஸ்டம்ஸில் பிரச்சினை அக்கா" என்றேன். அது இரண்டாவது பொய். இதில் கஸ்டம்ஸ் செய்த தவறு எதுவுமில்லை.

இங்கேயும் கணக்கு உதைத்தது. வங்கிக்கு வந்தது 120 யூரோ. தபால் படிவம் காட்டுவது 20 யூரோ அன்பளிப்பு. அந்த விற்பனையை ஏற்றுமதி என்று காட்ட என்னிடம் காகிதம் இல்லை. பார்சல் தொலைந்திருந்தாலும் 20 யூரோவுக்கு மேல் நான் கேட்டிருக்க முடியாது.

இப்போது இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதுகிறேன். 'பெட்ஷீட், 100% பருத்தி, தறியில் நெய்தது, பிரிண்ட் இல்லாதது, 2 எண்ணம், ஒன்று 36 யூரோ, இந்தியத் தயாரிப்பு, 6302.31.' என்ன பொருள், எதனால் ஆனது, எப்படிச் செய்தது, எதற்குப் பயன்படுவது என்று எழுதினால், கோட் சரியா என்று படிப்பவரே பார்த்துக்கொள்ளலாம். 'ஹேண்டிகிராஃப்ட்' என்ற சொல் இவற்றில் எதையும் சொல்வதில்லை. நான் அதை எழுதியதே சொல்லாமல் தப்பிக்கத்தான்.

அங்கே வரி வரும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும். அந்த ஜெர்மன் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.