கோட்டின் மேல் எழுதும் கணக்கு

ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய தோட்டம் ஒன்றில், மின்கம்பம் எட்டாத ஓட்டு வீடு. சமையலறையில் மிக்ஸி போட்டால் வீடே இருண்டுவிடுகிறது என்பது வீட்டுக்கார அம்மாவின் புகார். பழுது பார்க்க வந்த சோலார் மெக்கானிக்குடன் நானும் போயிருந்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, மாட்டினவங்க படம் ஏதும் போட்டுக் குடுத்தாங்களா?”

ரசீதின் பின்பக்கத்தில் ஒரு படம் இருந்தது. பேனல், கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் என மூன்று பெட்டிகள் வரிசையாக நின்றன. பேட்டரி கண்ட்ரோலருக்குக் கீழே தொங்கியது. “வியாதி இதுலயே இருக்கு சார்” என்று அவர் கண்ட்ரோலரையும் இன்வெர்ட்டரையும் இணைத்த கோட்டில் விரலை வைத்தார்.

கண்ட்ரோலரில் பேனலுக்கு, பேட்டரிக்கு, லோடுக்கு என்று மூன்று ஜோடி முனைகள் உண்டு. லோடு முனை சின்ன டி.சி. விளக்குகளுக்கானது, இங்கே அதன் வரம்பு 20 ஆம்பியர். 500 வாட் மிக்ஸியை ஓட்ட, இன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால், 24 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 25 ஆம்பியர் போக வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கண்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள லோடை வெட்டிவிடுகிறது. விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடும்வரை கோளாறு வெளியே தெரியவே தெரியாது.

திண்ணையில் உட்கார்ந்து புதுத் தாளில் படம் போட ஆரம்பித்தார். முதலில் வரைந்தது பேனலை அல்ல, பேட்டரியை, தாளின் நட்டநடுவில். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி இரண்டு, ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸுக்கு. ஆக 24 வோல்ட். இடது பக்கம் கண்ட்ரோலர், அதற்கும் அப்பால் 335 வாட் பேனல் இரண்டு. வலது பக்கம் இன்வெர்ட்டர். பேட்டரியின் முனையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாகக் கோடு பிரிந்தது. கண்ட்ரோலரின் லோடு முனையில் பெருக்கல் குறி போட்டார்.

பெட்டிகளை வரைய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நேரம் போனதெல்லாம் கோடுகளில்தான். டேப்பை இழுத்து அளந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் நீளத்தையும் ஒயரின் கனத்தையும் எழுதினார்.

பேட்டரி இருந்தது திண்ணையில், இன்வெர்ட்டர் உள்ளறையில். இடையே 5 மீட்டர், 4 ஸ்கொயர் ஒயர். கரண்ட் போய்த் திரும்புவதால் 10 மீட்டர் என்று கணக்கு. 25 ஆம்பியர் ஓடினால் அந்த ஒயர் மட்டுமே 1.1 வோல்ட்டைத் தின்னும். மோட்டார் கிளம்பும்போது மூன்று வோல்ட்டைக்கூடத் தாண்டலாம். கோட்டை மட்டும் மாற்றி ஒயரை அப்படியே விட்டால், பேட்டரி நிறைந்திருக்கும்போதே ‘லோ பேட்டரி’ என்று இன்வெர்ட்டர் கத்தும். பலர் பேட்டரியைக் குறை சொல்லிப் புதிது வாங்குவது இந்த இடத்தில்தான். அதனால் படத்திலேயே இன்வெர்ட்டரைத் திண்ணைப் பக்கச் சுவருக்குக் கொண்டுவந்தார். கோட்டின் மேல் எழுதியது: ஒன்றரை மீட்டர், 16 ஸ்கொயர். இப்போது இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. உள்ளறைக்கு 230 வோல்ட் ஒயர் போனால் போதும்; அதில் ஓடும் கரண்ட் குறைவு என்பதால் தூரம் ஒரு பொருட்டல்ல.

அடுத்து, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி 60 ஆம்பியர் பியூஸ். இன்வெர்ட்டர் பக்கத்திலேயே வைத்தால் என்ன என்று கேட்டேன். “நடுவுல எலி கடிச்சு ஒயர் ஒட்டிக்கிச்சுன்னா, அந்தப் பக்கம் இருக்கிற பியூஸ் என்ன செய்யும்?” என்றார். இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் கரண்ட் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். அதைத் தடுக்க வேண்டிய இடம் அது கிளம்பும் இடம். கண்ட்ரோலருக்குப் போகும் பிளஸ் கோட்டிலும், அதேபோல் பேட்டரி ஓரமாக, 40 ஆம்பியரில் ஒன்று போட்டார்.

கடைசியாகக் கோடுகளுக்குச் சிவப்பு மையில் எண். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அந்தக் கண்ட்ரோலர் முடிவு செய்யும். பேட்டரி இல்லாமல் வெயிலில் இருக்கும் பேனலை மாட்டினால் சில கண்ட்ரோலர்கள் கெட்டே போகும். கழற்றும்போது வரிசை தலைகீழ்.

படம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்கியது. மதியத்துக்குள் புது ஒயருக்கு லக் அடித்து முறுக்கியாயிற்று. அம்மா தேங்காயைப் போட்டு மிக்ஸியைத் திருப்பினார். மீட்டர் பேட்டரி முனையில் 24.9 காட்டியது, இன்வெர்ட்டர் முனையில் 24.8. இரண்டு எண்களையும் தேதியோடு படத்தின் ஓரத்தில் குறித்தார் மெக்கானிக். லக் தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ இந்த இடைவெளிதான் முதலில் பெரிதாகுமாம். அடுத்து யார் வந்தாலும் மிக்ஸியை ஓடவிட்டு இதை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்தார்.