பெக்கேஜ் இருக்கு, டேட்டா இல்லை

புது சிம் போட்ட பிறகு கோல் போகுது, எஸ்எம்எஸ் வருது, டேட்டா மட்டும் வேலை செய்யுதில்லை என்றால் எங்கட ஆக்கள் முதலில் செய்வது இன்னொரு பெக்கேஜ் போடுவதுதான். அதுவும் சரிவராவிட்டால் போன் கடை. அங்கே கிடைக்கும் பதில், "சொப்ட்வெயார் அடிக்கணும்." இந்த இரண்டுக்கும் காசு போகும். இரண்டாவதில் போனுக்குள் இருக்கிற படங்களும் சேர்ந்து போகலாம். இரண்டுக்கும் முன்னால் பார்க்கவேண்டிய ஒரு இடம் இருக்கு. எங்கட நண்பி ஒருத்தியின் அம்மாவுடைய போனை வைத்து அதைச் சொல்கிறோம்.

அன்ரி வீட்டில் கேக் செய்து விற்கிறவ. ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும், வீட்டில் வைஃபை இல்லை. வெளிநாட்டில் இருக்கிற மாமா தான் பாவித்த ஐபோனைக் கொடுத்துவிட்டிருந்தார். அன்ரி அதுக்குப் புது சிம் ஒன்று வாங்கிப் போட்டா. கோல் தெளிவாக எடுக்குது. டேட்டாவைத் திறந்தால் மட்டும் திரையில் இப்படி வருது:

```
Could Not Activate Cellular Data Network
You are not subscribed to a cellular data service.
```

இரண்டாவது வரியை வாசித்தால் எவரும் "பெக்கேஜ் இல்லை" என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அன்ரியும் அப்படித்தான் விளங்கி, ஒரே கிழமையில் மூன்று தரம் ரீலோட் பண்ணிப் பெக்கேஜ் போட்டிருந்தா. கடையில் போனை முழுக்க அழிக்கச் சொன்னார்கள். அதற்குள் அவ அம்மம்மாவின் பழைய படங்களை எல்லாம் ஏற்றி வைத்திருந்ததால் கையில் கொடுக்கப் பயந்து எங்களிடம் கொண்டுவந்தா.

இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் முதலில் செய்வது சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பார்ப்பது. வைஃபையை நிற்பாட்டிப்போட்டுத்தான் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்யுது என்று தெரியாது. நண்பியின் போனில் அதே சிம் உடனே டேட்டா எடுத்தது. அந்த ஒரு நிமிடத்திலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சிம் நல்லது, பெக்கேஜ் இருக்கு, கொம்பனியின் பக்கம் பிரச்சினை இல்லை. பிழை போனுக்குள்தான். மாறாக, மற்றப் போனிலும் வேலை செய்யாவிட்டால் போனைத் தொடவே தேவையில்லை, கொம்பனிக்குக் கோல் எடுத்தால் போதும்.

பிறகு சின்ன விஷயங்கள். மொபைல் டேட்டா ஓனில் இருக்கா? இரண்டு சிம் போடுகிற போன் என்றால், டேட்டாவுக்குத் தெரிவுசெய்தது புது சிம்தானா? பழைய சிம்முக்கே டேட்டா விட்டபடி இருப்பதுதான் அதிகம் நடக்கிறது. அன்ரியின் போனில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன.

அதற்கு அடுத்ததுதான் ஏபிஎன். கொம்பனியின் வலையமைப்பில் இருந்து இன்டர்நெட்டுக்குப் போகிற வாசலின் பெயர் அது. சாதாரண கோலுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. அதனால்தான் கோல் எடுக்கும், டேட்டா எடுக்காது. வழமையாக இந்தப் பெயரை நாங்கள் போடத் தேவையில்லை. சிம்முக்குள் ஒரு அடையாள எண் இருக்கு. இலங்கைச் சிம் என்றால் அது 413 இல் தொடங்கும், அதற்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் எந்தக் கொம்பனி என்று சொல்லும். போன் அதை வாசித்து, தன்னிடம் இருக்கிற பட்டியலில் இருந்து சரியான ஏபிஎன்னைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அப்ப அன்ரியின் போன் ஏன் எடுக்கவில்லை? மாமா அங்கே பாவித்தது சொந்தக் கோபுரம் இல்லாத ஒரு சின்னக் கொம்பனியின் சிம். இப்படியான சில கொம்பனிகள், ஐபோன் பாவிக்கிறவர்களிடம் ஒரு சின்ன புரொஃபைலை இறக்கிப் போடச் சொல்வார்கள். அதற்குள் அவர்களின் ஏபிஎன் இருக்கும். சிக்கல் என்னவென்றால், சிம்மைக் கழற்றினாலும் அந்தப் புரொஃபைல் கழராது. புதுச் சிம்முக்கு உரிய ஏபிஎன்னை மூடிக்கொண்டு மேலே நிற்கும். போன் இங்கத்தைக் கொம்பனியிடம் போய் அங்கத்தை வாசலின் பெயரைச் சொல்லிக் கேட்கும். அவர்கள் "அப்படி ஒன்று உமக்கு இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அதைத்தான் போன் "subscribed இல்லை" என்று காட்டுது.

அது இருக்கிற இடம் `Settings > General > VPN & Device Management`. போய்ப் பார்த்தால் தெரியாத ஒரு கொம்பனியின் பெயரில் புரொஃபைல் ஒன்று இருந்தது. `More Details` ஐத் திறந்து அதற்குள் இருப்பது ஏபிஎன்தான் என்று பார்த்தோம், மாமாவிடமும் கேட்டோம். வேலைத்தலம் கொடுத்த போன்களில் இதே இடத்தில் வேலைத்தலத்தின் புரொஃபைல் இருக்கும், அதைக் கேட்காமல் அழிக்கக்கூடாது. மாமா "அது பழைய சிம்முக்குப் போட்டது, எடுங்கோ" என்றார். `Remove Profile` ஐ அழுத்தி, போனின் கடவு எண்ணைக் கொடுத்து, ஒருக்கா நிற்பாட்டிப் போட்டோம். திரும்பி வரும்போது சிக்னலுக்குப் பக்கத்தில் `4G` இருந்தது. படம் ஒன்றும் போகவில்லை.

கடைக்காரர் சொன்ன மாதிரி முழுக்க அழித்திருந்தாலும் புரொஃபைல் போயிருக்கும்தான். ஆனால் அதோடு மற்றதெல்லாம் போயிருக்கும். சிலர் சொல்கிற `Reset Network Settings` படங்களைத் தொடாது, வைஃபை கடவுச்சொற்கள் போன்ற வலையமைப்பு அமைப்புகளை அழிக்கும். ஆனால் புரொஃபைலாகப் போட்டதை அது கழற்றாது. அதனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

அன்ட்ரோய்ட் போனில் கதை கொஞ்சம் வேறு. வெளிநாட்டில் இருந்து வந்த போனில், இங்கத்தைச் சிம்முக்குரிய ஏபிஎன் பட்டியலில் இல்லாமலே இருக்கலாம். சம்சுங் என்றால் `Settings > Connections > Mobile networks > Access Point Names`. மற்றப் போன்களில் பாதை கொஞ்சம் மாறும், கடைசிப் பெயர் அதேதான். பட்டியல் வெறுமையாக இருந்தால் `Add` ஐ அழுத்தவேண்டும். `Name` இல் என்ன எழுதினாலும் பரவாயில்லை. `APN` இல் கொம்பனி சொல்கிற சொல்லை அப்படியே எழுதவேண்டும். மற்றப் பெட்டிகளைக் கொம்பனி சொன்னால் ஒழியத் தொடவேண்டாம். கீபோர்ட் சொல்லுக்குப் பின்னால் தானாக ஒரு இடைவெளி விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியே டேட்டாவை மறிக்கப் போதும். பிறகு மூன்று புள்ளியை அழுத்தி `Save`, திரும்பிப் பட்டியலுக்கு வந்து அந்தப் பெயருக்குப் பக்கத்து வட்டத்தையும் தெரிவுசெய்யவேண்டும். முதலே இருந்ததை யாரோ மாற்றிக் குழப்பியிருந்தால் அதே மூன்று புள்ளிக்குள் `Reset to default` இருக்கு.

ஏபிஎன்னை நண்பர்களிடம் கேட்டுப் போடவேண்டாம். சில வலையமைப்புகள் பிழையான பெயரைச் சொன்னாலும் பொறுத்துக்கொண்டு வழமையான வாசலால் விட்டுவிடும், சிலது விடாது. அதனால் ஒருவருக்கு வேலை செய்தது சரியான பெயர் என்று அர்த்தமில்லை. கோல்தான் எடுக்குதே, கொம்பனிக்கு அடித்து "ஏபிஎன் என்ன?" என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு தட்டத் தொடங்குங்கள்.