பாதிக்குப் பாதி

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. பெரிய ஆர்ட் கேலரி ஒன்றிலிருந்து. கெட்டிக் காகிதம், பளபளா எழுத்து. ‘தங்கள் ஓவியங்கள் பன்னிரண்டைத் தனிக் கண்காட்சியாக வைக்க விரும்புகிறோம்.’ நாலு வருஷமாகத் தனிக் கண்காட்சி வைக்காத ஆளுக்கு இப்படியொரு கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை படித்தேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, கூடவே இணைத்திருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினாள்.

“என்னங்க, இதையும் படிச்சீங்களா?”

கமிஷன் 50 சதவிகிதம்.

பாதியா என்று வாயைப் பிளக்காதீர்கள். உலகம் பூராவும் பல கேலரிகள் பாதி வாங்குகின்றன. இடம், விளக்கு, ஆள் சம்பளம், அழைப்பிதழ், வாங்குகிற ஆளைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர்கள் செலவு. படம் விற்காவிட்டால் அந்தச் செலவும் அவர்களோடு போச்சு. அதற்குப் பாதி கேட்டால் நியாயம் உண்டு. ஆகவே எத்தனை சதவிகிதம் என்பதைவிட, எதில் சதவிகிதம், எந்தச் செலவு யார் தலையில் என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். என் படம் ஒன்றின் விலை 40,000 ரூபாய். கமிஷன் 20,000. வாடிக்கையாளருக்கு 15 சதவிகிதம் வரை தள்ளுபடி தருவார்களாம். சந்தோஷம். ஆனால், அந்த 6,000 என் பங்கிலிருந்து போகும். ஃப்ரேம் 3,500, என் செலவு. திறப்பு விழா டீ, அச்சுக்கூலி வகையில் படத்துக்கு 2,000, அதுவும் நான். கான்வாஸ், வர்ணம் 4,000. கழித்துப் பாருங்கள். மூணு வாரம் வரைந்த எனக்கு மிச்சம் 4,500.

இது விற்ற படத்தின் கதை. பன்னிரண்டு மாட்டினால் மூணு விற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் என் கைக்கு 42,000 வரும். பன்னிரண்டுக்கும் ஃப்ரேமும் விழாச் செலவும் 66,000. வர்ணத்தைச் சேர்க்காமலே 24,000 கைநஷ்டம்.

கேலரிக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசினார். “அதனாலென்ன சார், விலையை 80,000னு போட்டுடுங்களேன்!”

சுலபமான வழிதான். ஆனால், ஓவியத்துக்கு ஊரெல்லாம் ஒரே விலைதான் இருக்க வேண்டும். கேலரியில் 80,000, வீட்டில் 40,000 என்றால் அங்கே வாங்கினவர் நம்மை ஏமாற்றுக்காரன் என்பார். ஏற்றின விலையை அப்புறம் இறக்கவும் முடியாது. ஒப்பந்தமும் ஒரு வருஷத்துக்கு வீட்டில் விற்றாலும் பாதி கொடு என்கிறது. என்னிடம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாசம் 5,000 கட்டி ஒரு படம் வாங்கிக்கொண்டிருக்கிறார். எட்டு தவணை. விலையை இரட்டிப்பாக்கினால், அவரைப் போன்றவர்கள் என் வாசல்படி ஏற மாட்டார்கள்.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை ஆரம்பித்தார்கள். பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள்கள் செய்து விற்றுச் சோறு சம்பாதித்தார்கள். ஓவியத்தை யாருடைய நிபந்தனைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாமே என்றுதான். அது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து பதில் எழுதினேன்:

‘அன்புடையீர், அழைப்புக்கு நன்றி. இந்த ஒப்பந்தத்தின்படி கலந்துகொள்ள இயலாது. பாதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. தள்ளுபடி போக உண்மையில் விற்ற விலையில், ஃப்ரேம் செலவைக் கழித்துவிட்டு, மீதியை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். விழாச் செலவு உங்களுடையது. விற்ற 30 நாளில் பணம் தர வேண்டும். என் வீட்டில், அதே விலைக்கு, நானாக விற்பதில் பங்கு கிடையாது. சம்மதமென்றால் எழுதுங்கள், ஓடி வருகிறேன்.’

இதே 50 சதவிகிதம்தான். கணக்கு போடுங்கள். விற்றது 34,000. ஃப்ரேம் போக 30,500. ஆளுக்கு 15,250. வர்ணச் செலவு போக எனக்கு 11,250 நிற்கும். 4,500 எங்கே, இது எங்கே!

தபாலில் போட்டுவிட்டு வந்த ராத்திரி தூக்கமில்லை. நாலு வருஷம் கழித்து வந்த கதவை நானே சாத்திவிட்டேனோ? மனைவி புரண்டு படுத்து, “ஃப்ரேம் கடை பாக்கியாவது ஏறலையே, தூங்குங்க” என்றாள்.

பதில் இன்னும் வரவில்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஹால் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆணி நானே அடிப்பேன். நேற்று ஆசிரியை மூணாவது தவணையோடு வந்தார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் அஞ்சு மாசம் இருக்கிறது.

நீங்களும் வரைகிறவர் என்றால், அழைப்பிதழைப் பிறகு படியுங்கள். ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள்.