மூன்று தவணைகள்

2024 ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது என் பாலிசி ரசீதுகளில் ஒன்றைக் காணவில்லை. பிரீமியம் செலுத்தியதற்கான சான்றிதழ் கேட்டுக் கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். பாலிசி எண்ணைச் சரியாக எழுதியிருந்தேன். ஆண்டு என்ற இடத்தில் மட்டும் 2024-25 என்று போட்டுவிட்டேன். வரிப் படிவத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்று அதுதானே இருந்தது!

கையில் வந்த தாளில் செலுத்திய தொகை பூஜ்யம் என்றிருந்தது. எனக்குத் திக்கென்றது. கவுன்ட்டரில் இருந்த அம்மா தாளின் மேல்வரியைக் காட்டினார். "ஏப்ரல் 2024 முதல்னு போட்டிருக்கு பாருங்க சார். நீங்க கேக்க வேண்டியது போன மார்ச்சோட முடிஞ்ச வருஷம்." நிதியாண்டு 2023-24தான் வரிக் கணக்கில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 ஆகிறது. சான்றிதழுக்கு எப்போதும் நிதியாண்டையே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்த தாளில் மூன்று தவணைகள் இருந்தன. என்னுடையது அரையாண்டு பாலிசி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் தலா 9,200 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டுதானே வர வேண்டும்? தேதிகளைப் பார்த்ததும் புரிந்தது. 2023 மார்ச் 20-இல் கட்ட வேண்டியதை, 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறதே என்று ஏப்ரல் 12-இல் கட்டியிருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு அது தாமதமே இல்லை. ஆனால் 80சி பிரிவு, பணம் எந்த நாளில் செலுத்தப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. அதனால் அந்தத் தவணை அடுத்த நிதியாண்டுக்குத் தாவிவிட்டது. 2023-24-க்கு மொத்தம் 27,600 ரூபாய்.

மகிழ்ச்சி வீடு வந்து சேரும்வரைதான். அப்படியானால் 2022-23-இல் நான் கட்டியது செப்டம்பர் தவணை ஒன்றுதான். வழக்கம்போல இரண்டு என்று கணக்குக் காட்டியிருந்தேன். மனசு கேட்கவில்லை. அந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட கணக்குத் தாக்கல் செய்தேன். விட்டுப்போன வரியையும் வட்டியையும், அவற்றின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரியையும் கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனாலும், முந்தைய ஆண்டே சான்றிதழ் வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்பது உறுத்தியது.

மனைவி பெயரிலும் ஒரு பாலிசி உண்டு. பிரீமியம் என் கணக்கிலிருந்து போவதால் பழைய வரி முறையில் அந்தக் கழிவும் எனக்கே. ஆனால் அதன் சான்றிதழ் அவள் பெயரில்தான் வரும். ஆகவே அவளுடைய விண்ணப்பத்தைத் தனியாக, அவள் கையெழுத்தோடு கொடுக்கிறோம்.

இப்போது நான் எழுதும் கடிதம் இவ்வளவுதான்: "கீழ்க்காணும் எண்ணுள்ள என் பாலிசிக்கு, 1.4.2023 முதல் 31.3.2024 வரையிலான நிதியாண்டில் செலுத்தப்பட்ட பிரீமியத்துக்கு, செலுத்திய தேதிகளுடன் சான்றிதழ் தருமாறு வேண்டுகிறேன்." ஆண்டு எண்களை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்கிறேன். தாள் கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகருமுன் அந்த மேல்வரியைப் படித்துவிடுகிறேன்.