மொரீஷியஸில் வெண்புகை

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் மொரீஷியஸின் சில சாலைகளில் போனால் வயல்களுக்கு அப்பால் ஓர் ஆலைப் புகைபோக்கி தெரியும். அதிலிருந்து மேகம் போல வெண்மையாக ஏதோ எழும். அந்த வெண்மையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை ஓர் ஆலைக்குள் போன பிறகுதான் அறிந்தேன்.

இங்கே கரும்புச் சக்கைதான் கொதிகலனுக்கு எரிபொருள். கடைசி அரவை ஆலையிலிருந்து வந்த சக்கையை ஒரு கைப்பிடி எடுத்தேன். தொட்டால் உலர்ந்த நார் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் எடையில் பாதி நீர் என்றார் கொதிகலன் பொறியாளர்.

கொதிகலனின் திறனை நேரடியாகக் கணக்கிடுவது எளிது: நீராவி பெற்ற வெப்பத்தை, எரிபொருள் தந்த வெப்பத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 100 டன் நீராவி, ஒவ்வொரு கிலோவும் பெற்றது 685 கிலோ கலோரி. எரிந்த சக்கை 42.5 டன், கிலோவுக்கு 2,300 கிலோ கலோரி என்றால் திறன் 70%.

சிக்கல் அந்த 42.5-ல் இருக்கிறது. நீராவிக்கு மீட்டர் உண்டு. சக்கையோ பட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். மிஞ்சியது கிடங்குக்குப் போகும். அரைத்த கரும்பின் எடையிலிருந்து அதைக் கணித்துத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கணிப்பு 5% தவறினால் திறன் மூன்றரைப் புள்ளி ஆடிவிடும். எங்கே வெப்பம் போனது என்பதையும் இந்த நேரடி முறை சொல்லாது.

ஆகவே பொறியாளர் மறைமுக முறையை நம்புகிறார். அதில் இழப்புகளைத் தனித்தனியே கணக்கிட்டு 100-லிருந்து கழிக்க வேண்டும். புகைவழியில் ஆக்சிஜன் 6%, அதாவது தேவைக்கு மேல் 40% காற்று. வாயுவின் வெப்பநிலை 160 டிகிரி, வெளிக்காற்று 30. உலர்ந்த புகைவாயு ஏறக்குறைய 5.5% எடுத்துச் செல்கிறது. சக்கையிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவதால் 7.5%. எரியாத கரி, சுவர் வழிக் கசிவு இரண்டுக்கும் 3% என வைத்துக்கொண்டார்.

பெரிய இழப்பு வேறு: சக்கையின் ஈரம். ஒரு கிலோ சக்கையிலுள்ள அரைக் கிலோ நீரை ஆவியாக்கி 160 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 320 கிலோ கலோரி வேண்டும். 2,300-ல் அது 14%. உலர்ந்த புகை கொண்டுபோவதைப் போல இரண்டரை மடங்கு! எல்லாம் கூட்டினால் 30%. திறன் மீண்டும் 70% தான்.

காற்றைக் குறைத்தால் உலர்ந்த புகையின் இழப்பு குறையும். ஆனால் அளவு மீறிக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும், எரியாத கரி பெருகும். கடைசி அரவை ஆலை இன்னும் இறுக்கிப் பிழிந்து ஈரம் 46% ஆனால், ஈரத்தின் பங்கு 14-லிருந்து 12-க்கு இறங்கும். கொதிகலனின் திறனை அரவை ஆலையின் உருளைகள் தீர்மானிப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

இன்னொன்றும் காட்டினார். ஆவியான நீரின் உள்ளுறை வெப்பத்தைத் திரும்பப் பெற முடியாது என்று முன்பே கழித்துவிட்டால், சக்கையின் வெப்பமதிப்பு சுமார் 1,850 ஆகும். அதன்படி இதே கொதிகலன், இதே நாளில், 87% காட்டும். விற்பவர் எண் சொன்னால் எந்த வெப்பமதிப்பின் மேல் என்று முதலில் கேட்பாராம்.