அறுபது ஓம்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பைக் கவனிக்கும் நண்பர், தன் ஆலையில் இரவு ஷிப்டு ஆட்கள் மேல் ஒரு பழி விழுந்திருப்பதாகச் சொன்னார். மற்ற இரண்டு ஷிப்டுகளைவிட அவர்கள் ஓட்டும்போது கிலோ நூலுக்கு ஆகும் மின்சாரம் கூடுதலாகக் கணக்கில் வருகிறது. "மெஷினும் ஒண்ணு, நூலும் ஒண்ணு. கணக்கு மட்டும் மாறுது. நாளைக்கு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன், நீங்களும் வந்து பாருங்க" என்றார். அந்த ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஐடிஐயில் வயர்மேன் படித்துவிட்டு, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் வேலையைத் தொடங்கியவர். அதன்பின் பேனல் வயரிங்குக்கு மாறினார். இப்போது காண்ட்ராக்டர்கள் கூப்பிடும் இடத்துக்கு நாள் கூலிக்குப் போகிறார். பையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், அவ்வளவுதான்.

ஆலையில் 22 எனர்ஜி மீட்டர்கள். கார்டிங் பேனலில் தொடங்கி, சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃப்ரேம் வழியாக ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் வரை, ஒரே ஜோடி ஒயர் ஒவ்வொரு மீட்டரையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஆர்.எஸ்-485 என்பது அந்த ஒயரில் ஓடும் மின்குறிக்கான தரம். மோட்பஸ் என்பது அதன்மேல் பேசும் முறை. கன்ட்ரோலர் ஒவ்வொரு மீட்டராக எண் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட மீட்டர் மட்டும் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் இந்த ஆலையின் கன்ட்ரோலர் பழைய ரீடிங்கையே வைத்துக்கொண்டு அடுத்த மீட்டருக்குப் போய்விடும்.

இரவு ஷிப்டின் பழி அங்கேதான் பிறந்தது. மீட்டரில் ஓடும் யூனிட் எங்கும் தொலைவதில்லை. ஆனால் மாலையில் விட்டுப்போன ரீடிங் நள்ளிரவு தாண்டி வந்தால், மாலை ஷிப்டு செலவழித்த யூனிட்டும் இரவு ஷிப்டின் கணக்கில் ஏறிவிடும்.

அவர் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. "எந்த மீட்டர் விடுது, எப்ப விடுதுன்னு மொதல்ல சொல்லுங்க சார்" என்றார். நண்பர் கம்ப்யூட்டரில் பதிவைக் காட்டினார். பன்னிரண்டாம் எண்ணுக்கு மேற்பட்ட மீட்டர்கள்தான் விடுகின்றன. மதியத்திலிருந்து, ஹியூமிடிஃபிகேஷன் விசிறிகளின் இன்வெர்ட்டர்கள் வேகமெடுக்கும்போது விடுகின்றன. வெக்கை தணிந்து விசிறி வேகம் குறைந்தால் திரும்பி வருகின்றன. பதினைந்தாவது மீட்டர் மட்டும், மாற்றிய நாளிலிருந்தே ஒரு வார்த்தை பேசவில்லை.

"வுட்டு வுட்டுப் பேசறது வேற வியாதி, அடியோட பேசாதது வேற வியாதி. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கக் கூடாது" என்றார்.

சப்ளையை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் இரண்டு ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஓமில் வைத்தார். 29 காட்டியது. அவர் முகம் தெளிந்துவிட்டது.

இந்த ஒயரின் இரண்டு கோடியிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். கோடிக்கு வந்த குறி எதிரொலித்துத் திரும்பாமல் அது விழுங்கிக்கொள்ளும். இரண்டும் இணையாக இருப்பதால் நடுவில் அளந்தால் 60 ஓம், அல்லது கன்ட்ரோலரின் உள் ரெசிஸ்டர்களால் அதற்குச் சற்றுக் கீழே காட்டும். ஒன்று விட்டுப்போயிருந்தால் 120-ஐ ஒட்டி வரும். ஏறக்குறைய 30 என்றால் நான்கு இருக்கின்றன என்று பொருள். தேடிப் போனதில் ஒன்பதாம் மீட்டரிலும் பதினைந்தாம் மீட்டரிலும் டெர்மினேஷன் சுவிட்ச் ஆனில் இருந்தது. இரண்டுமே ஆலையின் காண்ட்ராக்டர் புதிதாக மாற்றியவை.

கூடுதலாக இரண்டு ரெசிஸ்டர் இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்டேன். சுவரோரம் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். யாரும் பேசாத நேரத்தில் இரண்டு ஒயருக்கும் நடுவே ஒரு சிறு வோல்டேஜ் நிலையாக நிற்க வேண்டும். அதற்காக இந்தக் கன்ட்ரோலரில் மேலே 5 வோல்ட்டுக்கு ஒன்றும் கீழே கிரவுண்டுக்கு ஒன்றுமாக இரண்டு 680 ஓம் ரெசிஸ்டர்கள் உண்டு. நடுவில் 60 ஓம் இருந்தால் 0.21 வோல்ட் நிற்கும். 30 ஓம் ஆனால் 0.11தான். தரம் கேட்பது 0.2. அதற்குக் கீழே இறங்கினால், வந்தது ஒன்றா பூஜ்யமா என்று ரிசீவருக்கு உறுதியில்லை. இன்வெர்ட்டர் இரைச்சலைக்கூட ஓர் எழுத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு பொய் எழுத்து பதிலோடு ஒட்டிக்கொண்டால், கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. கன்ட்ரோலர் முழுப் பதிலையும் தள்ளிவிடும். அதோடு, சுமை இரட்டிப்பானதால் குறியே இளைத்துப்போகிறது. மெல்லிய ஒயரில் தூரத்து மீட்டர்களுக்கு அது முதலில் உறைக்கும்.

இரண்டு சுவிட்சையும் ஆஃப் செய்ததும் 57 வந்தது.

அடுத்தது பதினைந்தாம் மீட்டர். கன்ட்ரோலர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, சப்ளையோடு டி.சி. வோல்டேஜ் அளந்தார். எந்த ஒயர் பிளஸ் என்று பார்த்து, புது மீட்டரில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டார். கூப்பிட்டதும் பதில் வந்தது. "ஏ, பி எழுத்தை நம்பாதீங்க. ஒரு கம்பெனிக்கு ஏ-ங்கறது இன்னொரு கம்பெனிக்கு பி" என்றார். உண்மைதான்: தரத்தில் ஏ என்று சொல்லும் முனையைப் பல சிப் கம்பெனிகள் பி என்று அச்சிடுகின்றன. மாற்றிப் போட்டால் மீட்டர் எரியாது, பேசாது, அவ்வளவுதான். அந்த மீட்டரைப் பழுது என்று கழற்றிவிட்டு இன்னொன்று வாங்கச் சொல்லிக் கொட்டேஷன் கொடுத்திருந்தார் காண்ட்ராக்டர்.

கடைசியாக ஷீல்டு. ஒயரைச் சுற்றியுள்ள அந்த உலோகப் பின்னலை ஒவ்வொரு பேனலிலும் எர்த்தில் முறுக்கியிருந்தார்கள். கிளாம்ப் மீட்டரைப் போட்டால் பின்னலில் கரண்ட் ஓடியது. பேனலுக்குப் பேனல் எர்த்தின் வோல்டேஜ் கொஞ்சம் வேறுபடும். இரண்டு பக்கமும் கட்டினால் அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாக ஓடும். இரைச்சலைத் தடுக்க வைத்ததே இரைச்சலைச் சுமந்து வரும். மீட்டருக்கு மீட்டர் பின்னலை ஒன்றோடு ஒன்று சேர்த்து டேப் சுற்றினார். எர்த்தைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் விட்டார். ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டுக்குப் போகும் ட்ரேயில் மோட்டார் கேபிளோடு ஒட்டிக்கிடந்த துண்டையும் தள்ளிக் கட்டினார். அந்தத் துண்டு முறுக்கில்லாத சாதா ஒயர். எத்தனை டேப் சுற்றினாலும் அது சரியாகாது, மாற்றியே ஆக வேண்டும் என்று நண்பரிடம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் விசிறிகள் முழு வேகத்தில் ஓடியபோதும் 22 மீட்டரும் பதில் சொன்னதாக நண்பர் தெரிவித்தார். இரவு ஷிப்டின் கணக்கும் மற்ற ஷிப்டுகளோடு ஒத்துவந்தது.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். மீட்டரை மாற்றினால் காண்ட்ராக்டருக்கு லாபம். முறுக்கில்லாத ஒயரை ஷீல்டு கேபிள் என்று பில் போட்டாலும் லாபம். மீட்டர் கெடவில்லை, இணைப்புதான் தவறு என்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு நாள் கூலி. அதிலும் காண்ட்ராக்டரின் பங்கு போக மீதி. சரியாகக் கண்டுபிடித்தால் வருமானம் குறைகிற தொழிலாக இதை வைத்திருக்கிறோம். நடுவில் பழி சுமந்தவர்கள் ரிங் ஃப்ரேம் ஓட்டிய ஆட்கள். அவர்கள் கையில் இருந்தது நூல், ரீடிங் அல்ல.

ஆலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்குப் பில் கொடுக்கும் முன் மூன்றே விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: சப்ளை இல்லாமல் இரண்டு ஒயருக்கும் நடுவே எத்தனை ஓம், பேச்சில்லாத நேரத்தில் எத்தனை வோல்ட், ஷீல்டு எந்த ஓர் இடத்தில் எர்த் ஆகிறது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அளந்து பார்த்தவராக இருக்கட்டும். கூலியையும் அவர் கையிலேயே நேராகக் கொடுங்கள்.