அரியர் மீம்

தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் அரியர் மீம்கள் பெரும்பாலும் ரிசல்ட் வரும் இரவில் பிறக்கின்றன. முகம் வடிவேலுவுடையது, வசனம் எம்-1 தாளுடையது. தனியே பார்த்தால் அவமானமாகத் தெரியும் 'ஆர்ஏ', வகுப்பு குரூப்பில் அந்த மீமுக்குக் குவியும் சிரிப்புகளைக் கண்டதும் பாதி வகுப்பின் கதையாகிவிடுகிறது. தோற்றதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தாலே போதும். நெருக்கம் அங்கே தொடங்குகிறது.

அட்டெண்டன்ஸ் மீம் கணக்கில் வாழ்கிறது. 60 வகுப்புகளில் 15 லீவு போட்டால் சரியாக 75 சதவீதம். பதினாறாவது லீவில் 73.3. அதன்பின் மெடிக்கல் சர்டிஃபிகேட், எச்ஓடி அறை வாசல், கண்டோனேஷன் கட்டணம். ப்ராக்ஸி கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே மீமில் மாட்டுவதால் சிரிப்பில் கொஞ்சம் கூட்டுக் குற்றமும் உண்டு. ஒருவனுக்கு ஹால் டிக்கெட் நிஜமாகவே மறுக்கப்பட்டால் மட்டும் குரூப்பில் மீம் வராது. அவனுக்குத் தனியே போன் போகும்.